தயங்கும் பெற்றோருக்குச் சுவரில் ஒரு வரி: "ஊசி போட்ட காய்ச்சல் ரெண்டே நாள்"

கேள்வி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கான தடுப்பூசி முகாம் நடக்கப்போகிறது. சுவரில் எழுத ஒரு வாசகம் வேண்டும். ஊசி போடத் தயங்குகிற அப்பா அம்மாவுக்கு ஒரே ஒரு எளிய உண்மையைச் சொல்லி தைரியம் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். என்ன எழுதலாம்?

பதில்:

"ஊசி போட்ட காய்ச்சல் ரெண்டே நாள். சந்தேகம் இருந்தால் ராத்திரியிலும் கூப்பிடுங்க." அதற்குக் கீழே செவிலியரின் கைப்பேசி எண். இவ்வளவுதான் எழுதச் சொல்வேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். புதன்கிழமை தோறும் குழந்தைகளுக்கு ஊசி போட்டிருக்கிறேன், வராத வீடுகளுக்கு நடந்து போய்க் கேட்டுமிருக்கிறேன். ஊசியே வேண்டாம் என்று கொள்கையாகச் சொன்ன வீடுகள் மிகவும் குறைவு. பெரும்பாலான தயக்கம் ஒன்றரை மாத ஊசிக்கும் இரண்டரை மாத ஊசிக்கும் நடுவில்தான் பிறக்கிறது. முதல் ஊசிக்குச் சொன்ன நாளில் வந்துவிடுவார்கள். அன்று இரவு குழந்தைக்கு உடம்பு சுடும், இடது தொடை வீங்கிச் சிவந்திருக்கும், தொட்டாலே வீரிட்டு அழும். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அடுத்த ஊசிக்குக் கூப்பிடப் போனால் பாட்டி வாசலிலேயே சொல்லிவிடுவார்: "போன தடவை பிள்ளை பட்ட பாடு போதும் நர்ஸம்மா. இன்னும் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த "அப்புறம்" பல வீடுகளில் வருவதே இல்லை. இதில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. தலைப்பிரசவம் என்றால் ஒன்றரை மாத ஊசியின்போது தாயும் பிள்ளையும் பிறந்த வீட்டில் இருப்பார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குப் போவார்கள். மூன்றரை மாத ஊசி வரும்போது முடிவு சொல்கிறவர்கள் மாறியிருப்பார்கள், போட்டுவிடுகிற நர்ஸும் வேறு ஆள். முதல் ஊசியின்போது நாங்கள் பொறுமையாகச் சொல்லி அனுப்பியது எதுவும் அந்த மாமியார் காதுக்குப் போயிருக்காது. "அங்கே போட்டு ரொம்பக் காய்ச்சலாம்" என்ற செய்தி மட்டும் தவறாமல் போயிருக்கும். அதனால்தான் ஊரில் எல்லார் கண்ணிலும் படுகிற சுவரில் இந்த வரி இருக்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் ஊரிலும் இதுதான் சிக்கலா என்பதை எழுதுவதற்கு முன் பார்த்துவிடலாம். தடுப்பூசிப் பதிவேட்டில், ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணை போட்டவர்கள் எத்தனை, மூன்றாம் தவணை போட்டவர்கள் எத்தனை என்று செவிலியரிடம் கேளுங்கள். 40 குழந்தைகள் முதல் தவணை போட்டு, அவர்களில் 31 பேர்தான் மூன்றாவதுக்கு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 பேர் நடுவில் விட்டிருக்கிறார்கள், அதாவது நூற்றுக்கு 22க்கும் மேல். பத்து சதவீதத்தைத் தாண்டினாலே எங்கள் துறையில் அதைக் கவனிக்க வேண்டிய அளவாக எடுத்துக்கொள்வார்கள். அந்த 9 வீடுகளில் நாலைந்துக்குப் போய், "என்னம்மா ஆச்சு, ஏன் வரல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்குப் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். காய்ச்சல் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் இந்த வாசகம் உங்களுக்கானது. முதல் தவணைக்கே ஆள் வரவில்லை என்றால் காரணம் வேறு. தூரமாக இருக்கலாம், கூலி போகும் நாளாக இருக்கலாம். அதைச் சுவர் எழுத்து தீர்க்காது.

காய்ச்சல் ஏன் வருகிறது? அரசு மருத்துவமனையில் போடும் பென்டாவேலன்ட் ஊசி ஐந்து நோய்களுக்கானது: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, அப்புறம் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் உண்டாக்கும் ஹிப் என்ற கிருமி. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து இதைப் போடுகிறார்கள். இதில் கக்குவான் இருமலுக்கான பகுதியில் அந்தக் கிருமியையே கொன்று முழுசாகச் சேர்த்திருப்பார்கள். அதை எதிரி என்று அடையாளம் கண்டு உடம்பு வேகமாக வேலையைத் தொடங்குவதால்தான் சூடும் வீக்கமும். ஊசி போட்ட குழந்தைகளில் பாதிப் பேர் வரைக்கும் காய்ச்சல் வரலாம். அன்று மாலையோ இரவோ தொடங்கி, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். தனியாரிடம் "வலி இல்லாத ஊசி" என்று போடுவதில் அந்தக் கிருமியின் சில துணுக்குகள் மட்டும்தான் இருக்கும். அதனால் காய்ச்சல் குறைவு. ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு அதில் சீக்கிரமாகக் குறைந்துவிடுகிறது. "காசு குடுத்துப் போட்டா காய்ச்சல் வரல, இங்க போட்டா வருது, அப்ப இது மட்டமான மருந்துதானே" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். கேட்டதும் முகம் தெளிந்தவர்கள் உண்டு.

சரி, இந்த உண்மையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், வீட்டிலிருக்கிறவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கக்கூடியது இது ஒன்றுதான். இத்தனை லட்சம் குழந்தைகள் காப்பாற்றப்பட்டார்கள் என்று எழுதினால் நம்புவதா வேண்டாமா என்று பார்க்க அவர்களுக்கு வழியில்லை. காய்ச்சல் வரலாம், போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, அது அப்படியே நடந்தால், அடுத்து நீங்கள் சொல்வதற்கும் மதிப்பு வரும். வழக்கமாக எழுதும் "தடுப்பூசி நூறு சதவீதம் பாதுகாப்பானது" என்ற வரியின் கதி என்ன ஆகும் என்று யோசியுங்கள். அன்று இரவு பத்து மணிக்குப் பிள்ளையின் நெற்றி சுட்டதும் அந்த வரி அவர்களுக்குப் பொய்யாகிவிடும்.

செவிலியர்களே அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "காய்ச்சல் வந்தா ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம்." ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தயவுசெய்து அதைச் சுவரில் எழுதாதீர்கள். காய்ச்சல் வராத குழந்தைக்கும் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. இந்த வரியைப் படித்த தாய், "என் பிள்ளைக்கு ஒண்ணுமே வரலையே, மருந்து சரியில்லையோ" என்று கவலைப்படத் தொடங்குவாள்.

வதந்தியின் பெயரைச் சொல்லி மறுப்பதும் வேண்டாம். 2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. தட்டம்மைத் தடுப்பூசி அடங்கிய முத்தடுப்பு ஊசியால் ஆட்டிசம் வராது என்று பெற்றோருக்கு விளக்கினார்கள். ஆட்டிசம் பற்றிய தவறான எண்ணம் குறைந்தது. ஆனால் முதலிலிருந்தே அதிகம் தயங்கியவர்களிடம், ஊசி போடுவோம் என்ற எண்ணமும் சேர்ந்து குறைந்துவிட்டது. நோயுற்ற குழந்தைகளின் படங்களைக் காட்டியதும் பலன் தரவில்லை. அதற்குமேல், ஆட்டிசம் என்ற பேச்சையே கேட்டிராத உங்கள் ஊர்த் தாய்க்கு அதை முதலில் சொல்லிக்கொடுப்பது உங்கள் சுவராக இருக்கக்கூடாது.

இந்த வரிக்கும் எல்லை உண்டு. ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் காய்ச்சல் அன்று இரவு வராது. வருவதானால் ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வரும், சிலருக்கு இலேசான தடிப்போடு. அதற்குள் ஊசியை எல்லாரும் மறந்திருப்பார்கள். அதனால் அந்த ஊசிக்கு இதைக் கையில் கொடுக்கும் சீட்டில் தனியாக எழுதுங்கள். அதேபோல் 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதே ஊசி முகாமாகப் போடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் பரவியது வேறு பயம்: இது ஏதோ புது மருந்து, நம் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று. அங்கே போய்க் காய்ச்சலைப் பற்றி எழுதினால் பலனில்லை. தட்டம்மை ஊசி 1985 முதலே நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது, ஊசி போடப்போகும் பிள்ளையின் அம்மாவே சிறு வயதில் அதைப் போட்டிருக்கக்கூடும் என்பதுதான் அங்கே சொல்லியிருக்க வேண்டிய உண்மை.

சுவரில் இடம் இல்லாததை வாயால் சொல்ல ஒரு நல்ல நேரம் இருக்கிறது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைப்பார்களே, அப்போது. தாய்ப்பால் வழக்கம்போல் கொடுக்க வேண்டும். வீங்கிய இடத்தைத் தேய்க்கக்கூடாது, சூடாக ஒத்தடமும் மஞ்சள் பற்றும் வேண்டாம், குளிர்ந்த ஈரத்துணி போதும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எவ்வளவு என்பதைக் குழந்தையின் எடையைப் பார்த்து செவிலியர் அட்டையிலேயே எழுதிக் கொடுக்கட்டும். இதில் கவனம் தேவை: ஒரு மில்லி சொட்டு மருந்தில் பொதுவாக 100 மில்லிகிராம் இருக்கும், குழந்தைகளுக்கான சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 தான். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். மூத்த பிள்ளைக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருக்கிறதே என்று கொடுப்பதில் இந்த ஆபத்து இருக்கிறது.

வலிப்பு, மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, துணி மாதிரி துவண்டுபோவது, பால் குடிக்க மறுப்பது, மூச்சுத் திணறல், இவற்றில் எதைப் பார்த்தாலும் இரண்டு நாள் காத்திருக்கக்கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை அபூர்வம்தான், ஆனாலும் சொல்லி அனுப்பியே ஆக வேண்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் அது ஊசியால் வந்ததாக இருக்காது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம் அந்தக் கைப்பேசி எண். இரவு பதினொரு மணிக்கு அழைத்தால் எடுக்கிற ஆள் யார் என்று முகாமுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஒரே செவிலியரால் ஒவ்வொரு இரவும் முடியாது. ஆஷா பணியாளர், பக்கத்து நிலையத்து செவிலியர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான அழைப்புகளில் "எத்தனை மணிக்கு மருந்து குடுத்தீங்க, பால் குடிக்கிறானா" என்று இரண்டு கேள்வி கேட்டாலே போதும், அந்த வீடு அமைதியாகிவிடும். எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது வரியை எழுதாமல் விட்டுவிட்டு, "மறுநாள் காலையில் நாங்களே வீட்டுக்கு வந்து பார்ப்போம்" என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் முதல் ஊசி போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் வியாழக்கிழமை காலை யாராவது போயாக வேண்டும்.