நிலவாகை மாத்திரையைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் எப்படி மருந்தாக்குகின்றன?

கேள்வி: மலச்சிக்கலுக்கு இரவில் நிலவாகை (சென்னா) மாத்திரை போட்டால் மறுநாள் காலையில்தான் வேலை செய்கிறது. ஏன் உடனே வேலை செய்வதில்லை? போன மாதம் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட வாரத்தில் இரண்டு மாத்திரை போட்டும் பலன் இல்லை. மாத்திரை கெட்டுவிட்டதா, என் குடல் பழகிவிட்டதா?

இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். மருந்தகத்தில் பல வருடங்களாக இருக்கிறேன்; ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் இந்த மாத்திரை கைவிட்டது என்று சொல்பவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். காலையில்தான் வேலை செய்வதற்கும், அந்த வாரத்தில் செய்யாமல் போனதற்கும் காரணம் ஒன்றுதான். நீங்கள் விழுங்குவது இன்னும் மருந்தாக மாறாத ஒரு பொருள். அதை மருந்தாக்குவது உங்கள் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள்.

நிலவாகை இலையிலும் காயிலும் இருக்கும் முக்கியமான பொருள்களுக்குச் செனோசைடுகள் என்று பெயர். அவற்றில் ஏ, பி என்ற இரண்டும்தான் அதிகம் பேசப்படுபவை. ஒரு செனோசைடு மூலக்கூறில், ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளின் இரண்டு அலகுகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. ஒவ்வோர் அலகின் மேலும் ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது. இந்தக் குளுக்கோஸ் பிணைப்பை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றின் மாவுச்சத்தை எளிதாக உடைக்கும் நம் செரிமான நொதிகளுக்கு இதைத் திறக்கும் சாவி இல்லை. மூலக்கூறும் பெரியது, தண்ணீரில் கரையும் இயல்புடையது. ஆகவே சிறுகுடலின் சுவர் வழியாக இரத்தத்துக்குள் செல்வதும் மிகக் குறைவு. இரைப்பையையும் சிறுகுடலையும் ஏறக்குறைய அப்படியே கடந்து, பெருங்குடலின் தொடக்கத்தில் போய்ச் சேர்கிறது.

அங்கே வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற நொதியை உடைய பாக்டீரியாக்கள் குளுக்கோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. பிஃபிடோபாக்டீரியம் இனத்தைச் சேர்ந்த சில வகைகள் இதில் திறமையானவை. இரண்டு குளுக்கோஸும் போன பிறகு மிஞ்சுவது செனிடின். அதுவும் இன்னும் மருந்து இல்லை, ஏனென்றால் இரண்டு அலகுகளும் பிணைந்தே இருக்கின்றன. அடுத்து, பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்து அந்த நடுப்பிணைப்பை ஒடுக்கி உடைக்கின்றன. அப்போதுதான் ரெயின் ஆந்த்ரோன் தனியாக விடுபடுகிறது. மலம் கழிக்கத் தூண்டுவது இந்தப் பொருள்தான்.

ரெயின் ஆந்த்ரோனையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அது நிலையற்றது, ஆக்சிஜன் பட்டால் ரெயின் என்ற வேறு பொருளாக மாறிவிடும். சிறிய மூலக்கூறு என்பதால் பெருங்குடலை அடையும் முன்பே உறிஞ்சப்படவும் கூடும். ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள பெருங்குடலில், தேவையான இடத்திலேயே அது உருவாவதுதான் நல்லது. ஒரு செடியின் பொருள் இப்படி இலக்கு வரை பாதுகாப்பாகப் பயணம் செய்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

பாக்டீரியாக்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை விலங்குச் சோதனைகள் நேரடியாகக் காட்டியிருக்கின்றன. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செனோசைடு கொடுத்தபோது பேதி ஆகவில்லை. அதைச் சிதைக்கவல்ல பாக்டீரியாவை அவற்றின் குடலில் குடியேற்றிய பின் கொடுத்தபோது பேதி ஆனது.

இனி உங்கள் இரவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரவு சாப்பிட்டுவிட்டு 9:30 மணிக்கு மாத்திரை போடுகிறீர்கள் என்று கொள்வோம். உணவோடு சேர்ந்து இரைப்பையை விட்டு வெளியேற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். சிறுகுடலைக் கடக்க இன்னும் மூன்று நான்கு மணி நேரம். ஆக, செனோசைடு பெருங்குடலின் வாசலை அடையும்போது அதிகாலை இரண்டு அல்லது மூன்று மணி. அதன்பின் பாக்டீரியாக்கள் அதை உடைக்க வேண்டும், விடுபட்டது குடல் சுவரில் வேலை செய்ய வேண்டும். காலை ஆறு, ஏழு மணிக்கு உந்துதல் வருவது இப்படித்தான். பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் என்று சொல்லப்படுவதும் இதனால்தான். உடனே பலன் வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது. படுக்கப் போகும்போது போடச் சொல்வதற்கும் காரணம் இந்தக் கணக்கே.

குடல் சுவரில் நடப்பதையும் சொல்ல வேண்டும், வயிற்று முறுக்கல் ஏன் வருகிறது என்பது அதில் இருக்கிறது. பெருங்குடலுக்குள் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் வருகிறது. அதில் 100 முதல் 150 மில்லிலிட்டர் அளவே மலத்தோடு வெளியேறும். மீதியைச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. ரெயின் ஆந்த்ரோன் இந்த உறிஞ்சலைக் குறைக்கிறது. எலிகளில் கண்டறிந்த வழி இது: சுவரிலுள்ள மேக்ரோஃபேஜ் செல்களை அது தூண்டுகிறது, அவை புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருளைச் சுரக்கின்றன, அதன் விளைவாக நீர் உள்ளே செல்லப் பயன்படும் அக்வாபோரின் 3 என்ற வாயில்கள் குறைகின்றன. நீர் குடலிலேயே தங்குவதால் மலம் இளகுகிறது.

கூடவே குடலின் அசைவும் மாறுகிறது. வழக்கமாகப் பெருங்குடல் தன் உள்ளடக்கத்தை முன்னும் பின்னும் மெல்லப் புரட்டிக்கொண்டே இருக்கும். முழுவதையும் ஒரேயடியாக முன்னே தள்ளும் பெரிய சுருக்கம் நாளில் சில முறைதான் வரும். இந்த மருந்து அந்தப் பெரிய சுருக்கங்களைக் கூட்டுகிறது. உள்ளடக்கம் விரைவாக நகர்வதால் நீரை உறிஞ்சுவதற்கான நேரமும் குறைகிறது. அளவு அதிகமாகிவிட்டால் இதே சுருக்கங்கள்தான் முறுக்கி வலிக்கும். அப்படி வலித்தால், அடுத்த முறை அளவைக் குறைப்பதே சரி.

வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்குச் செனோசைடு அளவில் 15 முதல் 30 மில்லிகிராம் போதும். மாத்திரையில் அளவு எழுதியிருக்கும். உலர்ந்த இலையை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். இலையின் எடையில் செனோசைடு வகைகள் சுமார் 2.5 சதவீதம் என்று வைத்தால், ஒரு கிராம் இலையிலேயே 25 மில்லிகிராம் இருக்கிறது. மூன்று கிராமைக் கொதிக்கவைத்துக் குடித்தால் தேவைக்கு மேல் பல மடங்கு போய்விடலாம். இலைக்கு இலை அளவும் மாறும். நான் இலையைவிட மாத்திரையையே பரிந்துரைப்பேன்.

இப்போது உங்கள் பல்வலி வாரத்துக்கு வருகிறேன். பல் தொற்றுக்குக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்குகள் பெரும்பாலும் பல வகை பாக்டீரியாக்களைத் தாக்குபவை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் குடல் பாக்டீரியாக்களும் அவற்றில் அடிபடுகின்றன. குளுக்கோஸைக் கழற்றுபவையோ நடுப்பிணைப்பை உடைப்பவையோ குறைந்துவிட்டால், செனோசைடு பெருங்குடல் வரை வந்தும் திறக்கப்படாமலேயே வெளியேறும். நீங்கள் போட்ட இரண்டு மாத்திரையும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: ஆன்டிபயாடிக்கை முடித்து இரண்டு மூன்று வாரங்கள் ஆனபின், தேவைப்பட்டால் பழைய அளவையே போட்டுப் பாருங்கள். அது பழையபடி வேலை செய்தால் காரணம் ஆன்டிபயாடிக்தான். குடல் பழகியிருந்தால் அந்தப் பலன் திரும்பாது.

பழக்கம் பற்றிய உங்கள் பயத்துக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. நல்ல பலன் கிடைத்த நாளில் பெருங்குடல் வழக்கத்தைவிட அதிகமாகக் காலியாகிவிடுகிறது. அது மீண்டும் நிரம்ப இரண்டு நாட்கள்கூட ஆகலாம். இடைப்பட்ட நாளில் மலம் வராததைச் சிக்கல் என்று எண்ணி மறுபடியும் மாத்திரை போடுவார்கள். அதுவே தினசரி வழக்கமாகிவிடும். வாரத்தில் இரண்டு மூன்று முறை போதுமானவர்களே அதிகம். மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம். நீண்ட காலம் அளவு மீறிப் போடுபவர்களுக்கு உடலில் பொட்டாசியம் குறைகிறது. டிஜாக்சின் போன்ற இதய மருந்தோ, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கு இது ஆபத்து. மாதக்கணக்கில் போடுபவர்களுக்குப் பெருங்குடலின் உட்பகுதி பழுப்பாகத் தெரிவதும் உண்டு. கோலனாஸ்கோப்பியில் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நிறுத்தினால் சில மாதங்களில் மறைந்துவிடும்.

கடுமையான வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்பி காற்றுகூடப் பிரியாத நிலை இருந்தால் இதைத் தொடவே கூடாது. குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்த முறை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது சிக்கல் வந்தால், பாக்டீரியாவை நம்பியிராத மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். மேக்ரோகால் தூள் தன்னோடு நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. பாக்டீரியாக்களுக்கு அதில் வேலை இல்லை. பிசகோடில் நம் உடலின் சொந்த நொதிகளால்தான் செயலுக்கு வருகிறது. சோடியம் பிகோசல்ஃபேட் மட்டும் நிலவாகையைப் போலவே பாக்டீரியாவால் திறக்கப்படுவது என்பதால் அதுவும் அந்த வாரத்தில் கைவிடக்கூடும். பலன் இல்லையென்று நிலவாகையின் அளவை மூன்று, நான்கு மாத்திரையாக உயர்த்த வேண்டாம். ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியோடு அது சேர்ந்துகொள்ளலாம். பாக்டீரியாக்கள் திரும்பி வந்த பிறகும் அதே அளவைத் தொடர்ந்தால், முன்பு திறக்கப்படாமல் போனதெல்லாம் இப்போது முழுமையாக மருந்தாகிவிடும்.