எட்டாம் வகுப்பில் வந்த மஞ்சள் காமாலைக்கு இப்போது ஏன் ரத்தம் வேண்டாம் என்கிறார்கள்?

"எனக்கு 21 வயது, ஊர் குடியாத்தம். கல்லூரி முகாமில் முதல்முறையாக ரத்தம் கொடுக்கப் போனேன். மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றேன். எட்டாம் வகுப்பில் வந்தது, கீழாநெல்லியில் சரியாகிவிட்டது. அதற்காக வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படியும் சோதிக்கத்தானே போகிறார்கள்? அடுத்த முறை இல்லை என்று எழுதலாமா?"

எழுதாதீர்கள். காரணம் இதுதான்.

காமாலை என்பது ஓர் அறிகுறி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களில் ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. குணமானால் உடலில் தங்குவதில்லை. அதனால் முழுதாகக் குணமாகி 12 மாதம் கழித்து ரத்தம் கொடுக்கலாம் என்கிறது நம் நாட்டு வழிகாட்டுதல். பி, சி வந்தவர்களுக்கு நிரந்தரத் தடை. எந்த வகை என்றே தெரியாவிட்டால் அதற்கும் நிரந்தரத் தடைதான். நீங்கள் மாட்டிக்கொண்டது இந்த மூன்றாவதில்.

பள்ளி வயதில் வருவது பெரும்பாலும் ஏ வகை. ஆனால் கீழாநெல்லியில் சரியானது என்பது அதற்குச் சான்று ஆகாது. ஏ வகை எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் அடங்கிவிடும். பி வகையிலும் பலருக்குக் காமாலை அப்படித்தான் மறையும்.

சரி, சோதனை என்ன ஆயிற்று? தானமாக வரும் ஒவ்வொரு ரத்தத்திலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பி-க்கு வழக்கமாகத் தேடுவது வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை. குணமான சிலருக்கு இந்தப் புரதம் ரத்தத்தில் சிக்காத அளவுக்குக் குறைந்துவிடும், வைரஸ் மட்டும் கல்லீரலில் பதுங்கியிருக்கும். சோதனை 'இல்லை' என்று சொல்லும், பை நோயாளிக்குப் போய்விடும். ஒரு பையைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்தால் மூன்று பேருக்குக்கூடப் போகலாம். சோதனை தவறவிடும் இந்த இடத்தில் உங்கள் பதில் ஒன்றுதான் தடுப்பு.

இப்போது செய்யக்கூடியது, அந்த வருடத்துச் சீட்டுகளை வீட்டில் தேடுவது. ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் அதில் 'ஆன்டி எச்.ஏ.வி. ஐ.ஜி.எம். பாசிட்டிவ்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வந்தது ஏ வகை. அதை அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை போன்ற ஓர் இடத்தில் ரத்த மைய மருத்துவரிடம் காட்டினால் உங்களைச் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வெறும் பிலிருபின் அளவு மட்டும் இருந்தால் பயனில்லை. காமாலை இருந்தது என்பதைத்தான் அது சொல்லும், வகையைச் சொல்லாது.

சீட்டே இல்லையென்றால், இன்று பரிசோதித்து அன்றைய வகையை உறுதிசெய்ய முடியாது. ஏ வகைக்கான பழைய எதிர்ப்பொருள் இருந்தாலும், அது என்றைக்கோ வந்துபோன தொற்றைக் காட்டுமே தவிர எட்டாம் வகுப்புக் காமாலையைச் சுட்டாது. ஆனாலும் உங்கள் கல்லீரலுக்காக பி, சி பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

பிறந்த சில நாளில் குழந்தைக்கு வரும் மஞ்சளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதையும் நினைத்து 'ஆம்' போடுபவர்கள் இருக்கிறார்கள். எந்த வயதில் வந்தது என்று மருத்துவரிடம் சொன்னால் போதும்.