வி.ஆர்.எஸ். தாளில் பென்சிலால் அடிக்க வேண்டிய வரிகள்

கம்பெனிக் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தவன், 51 வயதில் நானே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தவன். அதனால் நாகர்கோவில் பக்கம் எங்கே வி.ஆர்.எஸ். வந்தாலும் தாளோடு யாராவது வந்துவிடுகிறார்கள். போன வாரம் கேட்டவர்களுக்குச் சொன்னது இது.

"அண்ணாச்சி, எனக்கு வயசு 52, சர்வீஸ் 24, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 40,000. கம்பெனி தாள்ல 33 லட்சம்னு போட்டிருக்கு. எழுதிக் கொடுத்துரவா?" (தக்கலை)

அந்தத் தாளை எடுத்து ஒரு பென்சிலும் வையுங்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தில் நான்கு வரி இருக்கிறது: ஊக்கத்தொகை 13,20,000, கிராஜுவிட்டி 5,53,846, பி.எஃப். இருப்பு 11,80,000, விடுப்புக்குப் பணம் 2,40,000. கீழே தடித்த எழுத்தில் 32,93,846. இதில் கடைசி மூன்று வரியையும் அடித்துவிடுங்கள். நாளைக்கே நீங்கள் சாதாரணமாக ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் வரும். விடுப்புப் பணம் மட்டும் கம்பெனி விதியைப் பார்க்க வேண்டும். வேலையை விடுவதற்காக அவர்கள் தருவது முதல் வரி, 13.20 லட்சம்தான்.

அது வந்த விதம் இதுதான். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், மீதி இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள். 24 வருடத்துக்கு 840 நாள், 58 வரை மீதி 6 வருடத்துக்கு 150 நாள், மொத்தம் 990. ஒரு நாளுக்கு 1,333 ரூபாய் சொச்சம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஏமாற்றவில்லை. கூட்டல் மட்டும்தான் பெரிதாகக் காட்டுகிறது.

இப்போது எதிர்ப்பக்கம். 13.20 லட்சத்தை மீதி 72 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 18,333. வேலையில் இருந்தால் மாதம் 40,000 சம்பளம், அதோடு கம்பெனி உங்கள் பி.எஃப்.பில் போடும் 3,550, கிராஜுவிட்டியில் ஏறும் 1,923 என்று 45,473 வரும். வித்தியாசம் மாதம் 27,140. வட்டியும் சம்பள உயர்வும் இதில் இல்லை, வட்டி வி.ஆர்.எஸ். பக்கமும் சம்பள உயர்வு வேலையில் இருக்கும் பக்கமும் கொஞ்சம் இழுக்கும். ஆக, வெளியே போய் 58 வயது வரை மாதம் 27,000 சம்பாதிக்க முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. 40,000 முழுவதுக்கும் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். சில இடத்தில் 15,000க்கு மட்டும் பிடிப்பார்கள். அப்படியானால் 3,550 என்பது 550 ஆகிவிடும்.

"கம்பெனி ஓடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க மாமா. மூடிட்டா இதுவும் கிடைக்காதே. பயமா இருக்கு." (மணவாளக்குறிச்சி)

இந்தப் பயத்தை அப்படியே கணக்கில் போட்டுப் பார்க்கலாம் மக்கா. நீ தொழிலாளி என்ற வகையில் வருகிறாய் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி மூடினால் முடித்த வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் சட்டப்படி தர வேண்டும். மேலே சொன்ன அதே ஆளுக்கு அது சுமார் 4.80 லட்சம். வி.ஆர்.எஸ். 13.20. ஆக, மூடும் வரை காத்திருந்தால் தோற்பது சுமார் 8.40 லட்சம்.

காத்திருக்கும்போது வருவதும் இருக்கிறதல்லவா? வெளியே போனால் 15,000 சம்பாதிப்பாய் என்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மாதமும் உனக்கு 30,473 அதிகம். 8.40 லட்சத்தை அதால் வகுத்தால் 28 மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி இன்னும் 28 மாதத்துக்கு மேல் ஒழுங்காகச் சம்பளம் போடும் என்று நம்பினால் இருப்பதே லாபம். வெளியே 25,000 கிடைக்கும் என்றால் அந்த எல்லை 41 மாதமாக நீளும். ரப்பர் தோட்டமோ மார்த்தாண்டத்தில் கடையோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் முதலில் கையெழுத்துப் போடுவது இதனால்தான்.

28 மாதம் ஓடுமா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார். பங்குத்தொகை ஏறும் தேதி மாதாமாதம் தள்ளிப்போகிறதா? பிடித்த பணம் ஏறவே இல்லையா? சம்பளம் தாமதமாவதைவிட இது எனக்குப் பெரிய அடையாளம்.

"பி.எஸ்.என்.எல்.காரங்க 2019ல இதே 35 நாள், 25 நாள் வாங்கிட்டு மாசாமாசம் பென்சனும் வாங்குறாங்களே. எங்க அத்தான் நிம்மதியா இருக்கார். அப்போ இது நல்ல திட்டம்தானே?" (குலசேகரம்)

நாள் கணக்கு ஒன்றுதான், பென்சன்தான் வேறு அக்கா. அங்கே போன 78,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அரசு ஓய்வூதியம் உண்டு. உங்கள் கம்பெனியில் இருப்பது இ.பி.எஸ்., அதாவது பி.எஃப்.போடு வரும் ஓய்வூதியம். அதன் கணக்கில் சம்பளம் 15,000க்கு மேல் ஏறாது. சூத்திரத்தில் அந்தச் சம்பளத்தைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். ஆகவே ஒவ்வொரு வருடம் விட்டுப்போகும்போதும் பின்னாளில் மாதம் 214 ரூபாய் குறையும். 6 வருடம் என்றால் 1,286. ஆயுள் முழுக்கக் குறைகிறது என்று கவலைப்படலாம்தான். ஆனால் பலரும் நினைக்கிற அளவு இது பெரிய இழப்பு இல்லை; சம்பளமும் கம்பெனிப் பங்கும்தான் பெரியவை. அத்தானின் கணக்கை உங்கள் கணக்கோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

"சார், வேலையை விட்ட மறுமாசமே பென்சன் போட்டுட்டா என்ன? 50 ஆனாப் போதும்ல?" (கொல்லங்கோடு)

போதும், 10 வருட சர்வீஸும் வேண்டும். ஆனால் 58க்கு முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டுவார்கள், அந்த வெட்டு நிரந்தரம். 52இல் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஊக்கத்தொகை கையில் இருக்கும்போது இதைத் தொட வேண்டியதில்லை. உங்கள் சர்வீஸைக் காட்டும் திட்டச் சான்றிதழைப் பி.எஃப். அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு 58இல் எடுங்கள். 20 வருடம் முடித்து 58இல் ஓய்வு பெறுபவருக்குச் சர்வீஸில் 2 வருடம் கூட்டித் தருவார்கள். இடையில் வெளியேறியவருக்கு அது உண்டா என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

"வரி எவ்வளவு போகும்? முழுசும் வரி இல்லைன்னு நண்பன் சொல்றான்." (குளச்சல்)

நண்பன் பாதி சரி. விதிக்கு உட்பட்ட திட்டமாக இருந்தால் 5 லட்சம் வரை வரி இல்லை, அதுவும் வாழ்நாளில் ஒரு தடவைதான். 13.20இல் மீதி 8.20 லட்சம் அந்த வருட வருமானத்தில் சேரும். அதனால் ஏப்ரல், மே மாதத்தில் வெளியேறுவதும் பிப்ரவரியில் வெளியேறுவதும் ஒன்றல்ல. பிப்ரவரியில் போனால் பத்துப் பதினொரு மாதச் சம்பளத்தின் மேல் இது ஏறும். தேதியைத் தேர்ந்தெடுக்க விட்டால் அதைக் கேட்டு வாங்குங்கள். அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் பிறகு ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டால் ஆடிட்டரிடம் கேட்காமல் போகாதீர்கள், அந்த 5 லட்சச் சலுகை கேள்வியாகிவிடும்.

"நான் போன மாசம் எழுதிக் கொடுத்துட்டேன் அண்ணாச்சி. உங்க பதிலைப் படிச்சதும் மனசு மாறுது. திரும்ப வாங்கலாமா?" (தக்கலை, வேறொருவர்)

2002இல் பாங்க் ஆஃப் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொதுவாக, நிர்வாகம் ஏற்கும் முன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். பணத்தை வாங்கிப் பயன்படுத்தியவர்களால் முடியவில்லை. திட்டத்தின் விதிகளைப் பொறுத்தும் மாறும். என் விஷயத்தில் ஏற்புக் கடிதம் நான்காம் நாளே வந்துவிட்டது, யோசிக்க இடமில்லை. உங்களுக்குக் கடிதம் வந்துவிட்டதா, வங்கியில் ஏதாவது ஏறியிருக்கிறதா? இரண்டும் இல்லை என்றால் இன்றைக்கே பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.