தண்ணீரைத் துடைக்காத துண்டும் நாற்றம் போகாத ஜெர்சியும்

பிரிக்ஃபீல்ட்ஸில் 18 ஆண்டுகள் டோபிக் கடை நடத்தினேன். கடையை மூடிவிட்டாலும் கேள்விகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த வாரம் வந்ததில் பாதிக்குமேல் சாஃப்ட்னர் பற்றித்தான்.

செந்தூல், இரண்டு பிள்ளைகளின் அம்மா: அக்கா, வாங்கும்போது நன்றாக இருந்த எட்டுத் துண்டும் இப்போது உடம்பில் இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகின்றன, உறிஞ்சவே மாட்டேன் என்கின்றன. ஒவ்வொரு முறையும் மூடி நிறைய சாஃப்ட்னர் விடுகிறேன். துண்டு மட்டமானதா?

துண்டு பாவம், அதை விட்டுவிடுங்கள் தங்கச்சி. சாஃப்ட்னர் அழுக்கை எடுப்பதற்கில்லை, நூலில் ஒட்டி அங்கேயே தங்குவதற்காகச் செய்தது. அதில் இருப்பது கொழுப்பு போன்ற பொருள். அது நூலைச் சுற்றி மெல்லிய பூச்சாகப் படிவதால்தான் தொட்டால் வழுவழுவென்று இருக்கிறது. எண்ணெய் தடவிய தலையில் தண்ணீர் எப்படி நிற்குமோ, துண்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு துவைப்பிலும் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

சந்தேகம் இருந்தால், காய்ந்த துண்டை விரித்து விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போனால் சரி. முத்து மாதிரி உருண்டு நின்றால் பூச்சு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். எட்டையும் ஒரேயடியாகத் திணிக்காமல் நான்கு நான்காகப் போடுங்கள். வழக்கமாகப் போடும் சோப்புத்தூளில் பாதியும் அரைக் கப் வாஷிங் சோடாவும் போதும். சமையல் சோடா வேறு, அதற்கு இவ்வளவு காரம் கிடையாது. இப்போது வரும் சாஃப்ட்னர்களில் பெரும்பாலானவை காரத்தில் உடையக்கூடியவை என்பதால்தான் வாஷிங் சோடா சொல்கிறேன். தண்ணீர் 60 டிகிரி சூட்டில் இருக்கட்டும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஓடவிட்டு, நன்றாக அலசுங்கள். சாயத் துண்டு கொஞ்சம் வெளுக்கலாம், அதற்குத் தயாராக இருங்கள். காய்ந்ததும் மறுபடி சொட்டு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று முறை ஆகும்.

வீட்டு மெஷினில் சுடுதண்ணீர் வராவிட்டால் சுய சேவை டோபிக்குப் போகலாம். ஆனால் அங்கே பல மெஷின்கள் சோப்போடு சாஃப்ட்னரையும் தானாகவே விட்டுவிடும். காசு போடுவதற்குமுன் அதை நிறுத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு டோபி தேடுங்கள்.

கெப்போங், ஓய்வுபெற்ற ஆசிரியர்: நான் சுக்காவையும் சமையல் சோடாவையும் ஒன்றாகப் போடுகிறேன். பொங்கி நுரைக்கிறது, அழுக்கெல்லாம் போய்விடுகிறது. எதற்கு இவ்வளவு பாடு?

பாதி சரி ஐயா. தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு. சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பொங்குவது வெறும் காற்று, மிஞ்சுவது உப்புத் தண்ணீர். அழுக்கு போனது நீங்கள் கூடவே போட்ட சோப்பால்தான்.

சுக்காவைக் கடைசி அலசலில் அரைக் கப் விடுங்கள். துணியில் தங்கிய சோப்புக் காரத்தை அது அடக்கும், அதனால் துணி கொஞ்சம் இளகும். நம் கே.எல். குழாய்த் தண்ணீர் மென்மையானது. சுண்ணாம்பு படிந்து துணி விறைப்பது இங்கே அபூர்வம். விறைப்புக்குப் பெரும்பாலும் சோப்பை அள்ளிக் கொட்டுவதுதான் காரணம். ஏற்கெனவே ஏறிய சாஃப்ட்னர் பூச்சை எடுக்க சுக்காவை மட்டும் நம்பாதீர்கள். அப்புறம் ஒன்று, குளோரின் பிளீச் பக்கத்திலேயே சுக்காவைக் கொண்டுபோகக் கூடாது, விஷ வாயு வரும்.

சுக்கா மெஷினின் ரப்பரைத் தின்னுமா என்பதில் எனக்குத் தெரிந்த இரண்டு மெக்கானிக்குகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் மாதம் ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அம்பாங், கொண்டோவாசி: சாஃப்ட்னரை நிறுத்தினேன். இப்போது துண்டு அப்பளம் மாதிரி விறைத்துக் காய்கிறது.

சோப்பைக் குறைத்தும் விறைக்கிறதென்றால் அது பருத்தியின் குணம். நாம் காய்ந்துவிட்டது என்று நினைக்கும்போதும் நூலின் மேல் துளித்துளியாகத் தண்ணீர் இருக்கும். அது பசை மாதிரி நூலோடு நூலை ஒட்டுகிறது. 2020இல் ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் சேர்ந்து இதை ஆராய்ந்து எழுதினார்கள். அசையாமல் தொங்கிக் காயும் துண்டு விறைப்பதும், டிரையரில் புரண்டு காயும் துண்டு விறைக்காததும் இதனால்தான்.

பால்கனியில் போடும்முன் இரண்டு முனையையும் பிடித்துப் பலமாக நாலு உதறு உதறுங்கள். காய்ந்ததும் மறுபடி உதறிக் கசக்குங்கள். டிரையர் இருந்தால் கடைசியில் பத்து நிமிடம் போதும்.

செராஸ், பூப்பந்து ஆடுபவர்: ஜெர்சி துவைத்து மடிக்கும்போது மணக்கிறது அக்கா. ஆடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பழைய நாற்றம். சாஃப்ட்னரை இரட்டிப்பாக்கினேன், இன்னும் மோசம்.

மோசமாகத்தான் ஆகும் தம்பி. பாலியெஸ்டருக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் பிடிக்கும். உடம்பின் எண்ணெயை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் சாஃப்ட்னர் பூச்சு ஏறினால் சோப்பு உள்ளே போய் அந்த எண்ணெயை எடுக்க முடியாது. கிருமிக்கு அதுதான் சாப்பாடு. உடம்புச் சூடு பட்டதும் நாற்றம் கிளம்புகிறது. நூல்களுக்கு இடையிலான சந்துகள் வழியாக வேர்வை பரவிக் காய வேண்டும், அந்த வேலையும் கெடும். அதனால்தான் சட்டை உடம்போடு ஒட்டுகிறது.

ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட், கரைத்து ஜெர்சியை உள்பக்கம் வெளியே திருப்பி இரண்டு மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். சட்டையில் தைத்திருக்கும் லேபிள் பிளீச் கூடாது என்றால் வேண்டாம். பிறகு கொஞ்சம் சோப்புத்தூளோடு துவைத்து நிழலில் காயப்போடுங்கள். ரொம்ப சூடான டிரையர் வேண்டாம், இழுபடும் நூல் செத்துவிடும். ஆடி முடித்ததும் ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் இதெல்லாம் வீண்.

பத்து கேவ்ஸ், தாத்தா: தைப்பூசத்துக்கு வேட்டிக்குக் கஞ்சி போடும்போது சாஃப்ட்னரும் கலக்கலாமா? வாசனையாக இருக்குமே.

கேட்டது துண்டைப் பற்றி, நீங்கள் வேட்டிக்குப் போய்விட்டீர்கள் தாத்தா! வேண்டாம். கஞ்சி விறைக்க வைக்கும், சாஃப்ட்னர் தளர்த்தும், இரண்டும் ஒரே வேட்டியை இரண்டு பக்கம் இழுக்கும்.

கஞ்சி போடாத பருத்திப் புடவை, பள்ளிச் சீருடை, படுக்கை விரிப்பு இவற்றுக்கு சாஃப்ட்னர் நல்லதுதான். சுருக்கம் குறையும், இஸ்திரிப் பெட்டி சுலபமாக ஓடும், நூல் உராய்வதும் குறையும். துணி ஒட்டிக்கொண்டு மின்சாரம் அடிப்பதைத் தடுக்கவும் உதவும், ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் அந்தத் தொல்லையே அதிகம் இல்லை. பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும். கடைசி அலசலில் மட்டும் விடுங்கள். சோப்போடு சேர்த்தால் இரண்டும் கூடிக் கட்டியாகித் துணியில் பிசுபிசுவென்று ஒட்டும்.

பெட்டாலிங் ஜெயா, புது அப்பா: குழந்தைத் துணிக்கு?

வேண்டாம். வாசனை சில குழந்தைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. தீப்பிடிக்காத வகை இரவு உடைக்கு சாஃப்ட்னர் கூடாது என்று லேபிளிலேயே இருக்கும்.

செந்தூல் அம்மா, மறுபடி: இரண்டு முறை துவைத்தேன் அக்கா. ஆறு துண்டு சொட்டைக் குடித்துவிட்டது. இரண்டில் இன்னும் நிற்கிறது. லேபிளைப் பார்த்தால் மைக்ரோஃபைபர்.

அப்படியா! முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் தப்பு. மைக்ரோஃபைபர் நுண்ணிய சந்துகளால் தண்ணீரைப் பிடிப்பது. சந்து அடைபட்டால் மீட்பது பருத்தியைவிடக் கஷ்டம். அதற்கு 60 டிகிரி வேண்டாம், 40 போதும், சோடாவையும் பாதியாக்கி இன்னொரு தடவை பாருங்கள். எனக்கு இதில் பாதிக்குப் பாதிதான் வெற்றி கிடைத்திருக்கிறது. வராவிட்டால் அந்த இரண்டும் ஜன்னல் தூசி தட்டப் போகட்டும்.