நோட்டுப் பக்கத்தில் விழுந்த நிழலை நீக்குவது எப்படி?

கேள்வி: தோழியின் விலங்கியல் நோட்டை இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்தேன். எல்லாப் பக்கத்திலும் என் கை நிழல். பிரைட்னஸ் கூட்டினால் வெளிச்சப் பக்கத்து எழுத்து மறைகிறது, குறைத்தால் நிழல் பக்கம் கறுத்துவிடுகிறது. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடையில் பக்கத்துக்கு பத்து ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: கொடுக்காதீர்கள். அந்தக் கடைகளில் பெரும்பாலும் செய்வது, போன் ஆப்பில் இருக்கும் கறுப்பு-வெள்ளை பட்டனை அமுக்குவதுதான். அது ஒரு எல்லை வைத்து, அதற்கு மேல் உள்ளதை வெள்ளையாகவும் கீழே உள்ளதைக் கறுப்பாகவும் ஆக்கும். மெல்லிய கோடும் பென்சில் குறிப்பும் அதில் போய்விடும், பிறகு திரும்பி வராது. 'இலவசம்' என்று சொல்லிக்கொண்டு மூன்றாம் நாள் கார்டிலிருந்து பணம் எடுக்கும் ஆப்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு பக்கத்தைத் துடைக்க மாதச் சந்தா எதற்கு?

பிரைட்னஸ் ஏன் உதவவில்லை என்று பார்ப்போம். படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு, முழுக் கறுப்புக்கு 0 முதல் முழு வெள்ளைக்கு 255 வரை. வெளிச்சத்தில் உள்ள தாள் 220, அங்கே மை 70 என்று வையுங்கள். நிழலில் தாள் 90, மை 30. நிழலில் இருக்கும் வெறும் தாளே வெளிச்சத்து மைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் இரண்டு இடத்திலும் மையின் எண் தாளின் எண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கூட்டிக் கழிப்பதை விட்டுவிட்டு வகுக்க வேண்டும். மையை அந்தந்த இடத்துத் தாளால் வகுத்து 255-ஆல் பெருக்கினால், ஒன்று 81, இன்னொன்று 85. நிழல் போய்விட்டது.

இதற்குக் கணினியில் GIMP என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும், காசு கிடையாது. படத்தைத் திறந்து `Layer > Duplicate Layer` கொடுங்கள். மேலே உள்ள நகலில் `Filters > Blur > Median Blur` போய் `Radius` 30 வையுங்கள். இப்போது எழுத்தெல்லாம் மறைந்து, நிழல் மட்டும் விழுந்த வெறும் தாள் போல அது தெரிய வேண்டும். எழுத்தின் தடம் இன்னும் தெரிந்தால் `Radius`-ஐக் கூட்டுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், மீதி எல்லாம் இதைப் பொறுத்தது. பலர் `Gaussian Blur` போடச் சொல்வார்கள். அது கை நிழலின் விளிம்பையும் கரைத்துவிடும், கடைசியில் அந்த விளிம்பு நெடுகப் பட்டை பட்டையாக நிற்கும். `Median Blur` விளிம்பைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும்.

சரி, அப்புறம் அந்த நகலின் `Mode`-ஐ `Divide` ஆக்குங்கள். தாள் வெளுத்துவிடும், டியூப்லைட்டின் நிறச் சாயலும் சேர்ந்து போகும். `Layer > Merge Down` கொடுத்து, `Colors > Levels`-இல் `Input Levels` வலது எண்ணை 230-க்கும் இடது எண்ணை 60-க்கும் நகர்த்தினால் எழுத்து அழுத்தமாகும். பென்சில் குறிப்பு உள்ள பக்கத்தில் இடது எண்ணை மட்டும் நகர்த்துங்கள், வலது எண்ணை விட்டுவிடுங்கள்.

உங்களுடையது விலங்கியல் நோட்டு என்பதால் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதயப் படத்தில் ஓர் அறையைச் சிவப்பு ஸ்கெட்சால் முழுக்க நிரப்பியிருந்தால், `Median Blur` அதை எழுத்தைப் போல மறைக்காது. சிவப்புத் திட்டு நகலிலும் அப்படியே இருக்கும். `Divide` போட்டதும் சிவப்பைச் சிவப்பே வகுத்து, நடுப்பகுதி வெள்ளையாகி, சுற்றி ஒரு கோடுதான் மிஞ்சும். மார்க்கர் மஞ்சளுக்கும் இதே கதி. அதனால் `Divide` போடுவதற்கு முன், நகலில் அந்தத் திட்டைத் தேடுங்கள். `Color Picker`-ஆல் பக்கத்துத் தாளின் நிறத்தைத் தொட்டு எடுத்து, `Paintbrush`-ஆல் திட்டின் மேல் பூசி மறையுங்கள். திட்டில் பாதி நிழலிலும் பாதி வெளிச்சத்திலும் இருந்தால் இரண்டு நிறம் எடுத்து, நிழலின் விளிம்பு எங்கே போகிறதோ அதே கோட்டில் பிரித்துப் பூச வேண்டும். நகலில் பூசியது அசல் படத்தைத் தொடாது. இப்போது `Divide` போட்டால் இதயம் சிவப்பாகவே இருக்கும்.

படங்களை வாட்ஸ்அப்பில் கணினிக்கு அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஏற்கெனவே கல்லூரித் தளங்கள் 'இத்தனை எம்பிக்குள்' என்று பிள்ளைகளைச் சுருக்கு சுருக்கு என்று விரட்டி, படிக்க முடியாத பிடிஎஃப்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. இது எனக்குத் தீராத கோபம். முழு அளவுப் படத்தில் திருத்துங்கள், சுருக்குவதைக் கடைசியில் வையுங்கள்.

எந்தப் பக்கத்திலாவது ஃப்ளாஷ் பட்டுப் பளிச்சென்று வெள்ளைத் திட்டு விழுந்திருந்தால் அதை மீட்க வழியில்லை. அங்கே தாளும் 255, மையும் 255, வகுக்க ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கத்துக்கு மட்டும் நோட்டைத் திரும்பக் கேளுங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி உட்கார்ந்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுங்கள்.