கிரிட்டிக்கலா, டவுட்ஃபுல்லா? எழுத்தாளரின் மனப்போக்கைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள்

கேள்வி: பினாங்கில் ஆறாம் படிவம் படிக்கிறேன், மூவெட் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். வாசிப்புத் தாளில் எழுத்தாளரின் மனப்போக்கு என்ன என்று கேட்டால், கிரிட்டிக்கலா, டவுட்ஃபுல்லா, நியூட்ரலா என்று கடைசியில் இரண்டு விடைக்குள் மாட்டிக்கொள்கிறேன். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்:

முதலில் தமிழிலேயே நான்கு வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள்.

நாளை முதல் பஸ் கட்டணம் குறைகிறது.
நாளை முதல் பஸ் கட்டணம் குறைகிறது என்று அமைச்சு அறிவித்தது.
நாளை முதல் பஸ் கட்டணம் குறையுமாம்.
கட்டணம் குறைந்து என்ன பயன், பஸ்ஸே நேரத்துக்கு வருவதில்லையே.

நான்கிலும் செய்தி ஒன்றுதான். முதல் இரண்டில் சொல்பவர் தன்னை ஒளித்துக்கொள்கிறார், அது நியூட்ரல். மூன்றாவதில் ‘ஆம்’ என்ற ஒரே ஒரு விகுதி, ‘இது நான் கேள்விப்பட்டது, நான் பொறுப்பு இல்லை’ என்று விலகி நிற்கிறது. அதை இழுத்துச் சொன்னால் ஐயமே ஆகிவிடும். நான்காவதில் குறை வெளிப்படையாக வைக்கப்படுகிறது, அது கிரிட்டிக்கல். இந்த வேறுபாடு உங்கள் காதுக்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கிலத்தில் ‘ஆம்’ விகுதி கிடையாது என்பதுதான் சிக்கல். அந்த வேலையை அங்கே வேறு சொற்கள் செய்கின்றன. சப்போஸட்லி, அலெஜட்லி, ஸோ-கால்ட் போன்றவை அப்பட்டமானவை, எளிதில் கண்ணில் படும். கண்ணில் படாமல் நழுவுபவை, ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும் வினைச்சொற்கள்.

அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு நிபுணர் சொன்னதை எழுத்தாளர் ‘ஸே’ போட்டு எழுதினால் எந்தப் பக்கமும் சாயவில்லை. ‘கிளெய்ம்’ போட்டால், அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், நான் இன்னும் ஏற்கவில்லை என்று பொருள். ‘பாயிண்ட் அவுட்’ போட்டால் அந்தக் கருத்து உண்மை என்று எழுத்தாளரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘அட்மிட்’ என்றால், சொல்ல விரும்பாத ஒன்றை அந்த நபர் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது என்ற சாயல் வரும். மனப்போக்குக் கேள்வி வந்தால் அந்தப் பத்தியில் இந்த வினைச்சொற்களைத்தான் முதலில் தேட வேண்டும். மூவெட் வாசிப்புத் தாளில் 75 நிமிடத்துக்கு 40 கேள்விகள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது என்பதால், பகுதி முழுவதையும் திரும்பப் படித்து ‘உணர்ந்து’ பார்க்க நேரமில்லை.

இப்போது கிரிட்டிக்கலையும் டவுட்ஃபுல்லையும் பிரிக்கும் வழி. எழுத்தாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டாரா, தீர்ப்பை நிறுத்தி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ‘இது தவறு, இன்ன காரணத்தால் தவறு’ என்று முடித்துவிட்டால் கிரிட்டிக்கல். குறையின் பெயர் அங்கே இருக்கும்: புறக்கணித்தார்கள், தவறிவிட்டார்கள், கவனிக்கவில்லை. ‘உண்மையா என்று தெரியவில்லை, ஆதாரம் போதவில்லை, நடக்குமா பார்க்கலாம்’ என்று நின்றால் டவுட்ஃபுல். அங்கே மே, மைட், இஃப், ‘ரிமெய்ன்ஸ் டு பி சீன்’ போன்றவை கிடக்கும். பொதுவாக, கிரிட்டிக்கல் ஏற்கெனவே நடந்த ஒரு செயலைப் பிடிக்கும். டவுட்ஃபுல் ஒரு கூற்றின் உண்மையையோ இனி நடக்கவிருப்பதையோ பிடிக்கும். ‘ஸ்கெப்டிக்கல்’ என்று விடை இருந்தால் அதையும் டவுட்ஃபுல் வீட்டுப் பிள்ளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மனப்போக்கு என்பது எப்போதும் ஏதோ ஒன்றின் மீது இருக்கும். கேள்வியில் ‘டுவர்ட்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடை தேடினால், சரியான பத்தியைப் படித்தும் தவறான விடைக்குப் போய்விடுவோம். ஒரே எழுத்தாளர் ஒரே பத்தியில் மூன்று பொருள்கள் மீது மூன்று மனப்போக்கோடு இருக்கலாம். பயிற்சிக்காக நானே எழுதிய இந்தச் சிறு பத்தியைப் பாருங்கள். ஊர் கற்பனை ஊர்.

(1) பழைய நகரின் பெரிய தெரு ஞாயிறுதோறும் காலை 7 மணி முதல் பகல் 1 மணி வரை வாகனங்களுக்கு மூடப்படுகிறது. (2) இதனால் கடைகளில் வியாபாரம் பெருகிவிட்டதாக மாநகர் மன்றம் சொல்லிக்கொள்கிறது. (3) அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது எட்டே கடைகளில். எட்டும் உணவுக் கடைகள். (4) பிள்ளைகள் நடுத்தெருவில் சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்க மனம் நிறைகிறது என்பது உண்மைதான். (5) ஆனால் துணிக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் சரக்கு கொண்டுவரும் லாரி எங்கே நிற்கும் என்பதைத் திட்டமிட்டவர்கள் யோசிக்கவே இல்லை. (6) அடுத்த ஆண்டு இன்னும் மூன்று தெருக்களை மூடினால் நெரிசல் குறையும் என்கிறார்கள். குறையலாம், அந்த வாகனங்கள் பக்கத்துத் தெருவில் போய் நிற்காமல் இருந்தால்.

‘வியாபாரம் பெருகியது என்ற கூற்றின் மீது எழுத்தாளரின் மனப்போக்கு என்ன?’ என்று கேட்டால் இரண்டும் மூன்றும்தான் நமக்கு வேண்டிய வாக்கியங்கள். ‘சொல்லிக்கொள்கிறது’ என்பது ஆங்கிலக் ‘கிளெய்ம்’ செய்யும் அதே வேலையைச் செய்கிறது. அடுத்து, கணக்கு எவ்வளவு சிறியது என்று காட்டுகிறார். ‘எட்டே’ என்ற ஏகாரத்தைக் கவனியுங்கள். ஆனால் கூற்று பொய் என்று எங்கேயும் சொல்லவில்லை. தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. விடை டவுட்ஃபுல்.

‘திட்டம் தயாரிக்கப்பட்ட முறை மீது?’ என்றால் ஐந்தாவது வாக்கியம். ‘யோசிக்கவே இல்லை’ என்பதில் செயல் முடிந்துவிட்டது, குறைக்குப் பெயர் இருக்கிறது, பொறுப்பாளியும் இருக்கிறார். விடை கிரிட்டிக்கல். ‘அடுத்த ஆண்டு விரிவாக்கம் மீது?’ என்றால் ஆறாவது. ‘குறையலாம்’, ‘இருந்தால்’ இரண்டும் சேர்ந்து மறுபடி டவுட்ஃபுல்லுக்குத் தள்ளுகின்றன. முதல் வாக்கியத்தில் நேரமும் இடமும் தவிர எழுத்தாளரின் சாயல் எதுவும் இல்லை. அந்த ஒன்று மட்டும் தனியாக நின்றிருந்தால் நியூட்ரல்.

நான்காவது வாக்கியம்தான் பொறி. ‘மனம் நிறைகிறது’ என்று வாசித்ததும் ‘சப்போர்ட்டிவ்’ என்ற விடைக்குக் கை போகும். ‘உண்மைதான்’ என்று ஒப்புக்கொண்டு ‘ஆனால்’ என்று திரும்பினால், எடை ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் விழும். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’, ‘வைல்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் முதல் பாதி விட்டுக்கொடுப்பது, இரண்டாம் பாதி சொல்ல வந்தது. ‘பட்’, ‘ஹவெவர்’ வந்தால் அதற்கு முன்னால் இருப்பது விட்டுக்கொடுப்பு. ஆனாலும் கேள்வி ‘பிள்ளைகள் தெருவில் விளையாடுவது மீது’ என்று கேட்டிருந்தால், பாராட்டும் மனப்போக்குதான் சரியான விடை. எது மீது என்பதை முதலில் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

நியூட்ரலில் இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். ஒன்று, இரு தரப்பும் பேசினாலே நியூட்ரல் என்று நினைப்பது. இரு தரப்பும் பேசினாலும், ஒரு தரப்புக்கு ‘பாயிண்ட் அவுட்’டும் மறு தரப்புக்கு ‘கிளெய்ம்’மும் கொடுத்திருந்தால் தராசு சாய்ந்துவிட்டது. கடைசி வார்த்தை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்றும் பாருங்கள். மற்றொன்று, மேற்கோளுக்குள் இருக்கும் கோபத்தை எழுத்தாளர் கணக்கில் எழுதுவது. ஒரு கடைக்காரர் கொதித்துப் பேசியதை எழுத்தாளர் ‘ஸே’ போட்டு அப்படியே தந்திருந்தால், கோபம் கடைக்காரருடையது; எழுத்தாளர் நியூட்ரலாகவே இருக்கலாம். அதேபோல் வெள்ளம், விபத்து, நோய் என்று விஷயம் மோசமாக இருப்பதாலேயே தொனி கிரிட்டிக்கல் ஆகிவிடாது. இறப்பு எண்ணிக்கையை எந்தச் சாயலும் இல்லாமல் எழுத முடியும், செய்தி அறிக்கைகள் நாள்தோறும் அதைத்தான் செய்கின்றன.

‘இன்டிஃபரன்ட்’ என்ற விடையைப் பார்த்து நியூட்ரல் என்று குறிக்காதீர்கள். அதன் பொருள் அக்கறை இல்லாதவர் என்பது. பக்கம் பக்கமாக ஒரு விஷயத்தை எழுதுகிறவர் அதில் அக்கறை இல்லாதவராக இருப்பது அபூர்வம். நியூட்ரலுக்கு உண்மையான இணை ‘ஆப்ஜெக்டிவ்’. ‘கன்சர்ன்ட்’ என்பதும் கிரிட்டிக்கலோடு குழம்பும். என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டால் கன்சர்ன்ட். யார் செய்தது என்று சுட்டிக் குறை சொன்னால் கிரிட்டிக்கல்.

அடுத்தது சூட்டின் அளவு. விடைகளில் கிரிட்டிக்கலும் ‘ஹாஸ்டைல்’ அல்லது ‘கன்டெம்ப்சுவஸ்’ஸும் ஒன்றாக வந்தால் திசை ஒன்றுதான், சூடு வேறு. பகையையோ இகழ்ச்சியையோ தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அந்த அளவுக்குச் சுடும் சொல் பத்தியில் இருக்க வேண்டும். மேலே உள்ள ஐந்தாவது வாக்கியத்தில் ‘யோசிக்கவே இல்லை’ என்பது குறை. ‘யோசிக்கும் தகுதியே இவர்களுக்கு இல்லை’ என்று எழுதியிருந்தால் இகழ்ச்சி. எந்த விடையைக் குறித்தாலும் அதற்குச் சான்றாகப் பத்தியில் ஒரு சொல் மீது பென்சிலை வைக்க முடிய வேண்டும். வைக்க முடியவில்லை என்றால் அந்த மனப்போக்கு பெரும்பாலும் உங்களுடையது. விஷயத்தைப் பற்றி நீங்கள் நினைப்பதை எழுத்தாளர் வாயில் திணித்துவிட்டீர்கள்.

நோக்கம் கேட்கும் கேள்வி இதிலிருந்து கொஞ்சம் வேறு. அங்கே விடைகள் ‘டு இன்ஃபார்ம்’, ‘டு பெர்சுவேட்’, ‘டு க்வெஸ்சன்’ என்று வினைச்சொல்லில் தொடங்கும். ஒரு வாக்கியத்தைப் பிடித்து விடை சொல்ல முடியாது. ஒவ்வொரு விடையையும் எடுத்து, எத்தனை வாக்கியங்கள் அதற்கு வேலை செய்கின்றன என்று எண்ணுங்கள். நம் பத்திக்கு ‘தெரு மூடலைப் பற்றித் தகவல் தர’ என்று குறித்தால் முதல் வாக்கியம் மட்டும்தான் பொருந்தும். ‘தெரு மூடலை நிறுத்தச் சொல்ல’ என்பது கவர்ச்சியான பொறி. நிறுத்துங்கள் என்று எங்கும் இல்லை, நான்காவது வாக்கியம் அதற்கு எதிராகவே நிற்கிறது. ‘திட்டத்தை விரிவாக்குவதற்கு முன் அது சரியாக ஆராயப்பட்டதா என்று கேள்வி எழுப்ப’ என்று இருந்தால் இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு ஆகிய நான்கு வாக்கியங்களும் அதற்கு உழைக்கின்றன. முதல் வாக்கியம் பின்னணி தருகிறது, நான்காவது விட்டுக்கொடுக்கிறது. அதைக் குறியுங்கள்.