தக்கலை மருத்துவமனை: ஹாலா, டோக்கனா?

"காத்திருப்பு ஹாலில் ஏசி, புது இருக்கை எல்லாம் போட்டோம். அப்புறமும் மறுமுறை வருபவர்கள் குறைகிறார்கள். எதை மாற்ற வேண்டும்?"

டோக்கன் கொடுக்கும் முறையை. நீங்கள் செலவழித்தது கண்ணுக்குத் தெரியும் வசதிகளில்; ஆட்கள் சலித்துப்போவது செயல்முறையில். ஹால் பளபளப்பானால் எதிர்பார்ப்பும் ஏறும், காத்திருப்பு முன்பைவிட உறுத்தும்.

பெரும்பாலும் காரணம், எல்லோரையும் "பத்து மணிக்கு வாங்க" என்பதுதான். ஒருவருக்கு 10 நிமிடம் என்றால் 18ஆம் டோக்கன் உள்ளே போவது 12.50க்கு. குலசேகரத்திலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்த பாட்டியின் டோக்கனாக அது இருக்கும்.

ஒரு வாரம் டோக்கன் சீட்டின் பின்னால் மூன்று நேரங்களைக் குறியுங்கள்: வந்தது, டாக்டரைப் பார்த்தது, மருந்து வாங்கியது. முதல் இடைவெளி பெரிதென்றால் மணிக்கு ஐந்து பேரை மட்டும் வரச் சொல்லுங்கள். ஆறாவது இடம் அவசரத்துக்கு. இரண்டாவது பெரிதென்றால் மருந்தகத்தைப் பாருங்கள், டோக்கனைத் தொட வேண்டாம்.

ஒன்று, டாக்டர் நடுவில் ஆபரேஷனுக்குப் போனால் இந்தக் கணக்கு உடையும். அப்போது வரவேற்பில் இருப்பவர்தான் எல்லாம். "டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க, ஒரு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுட்டு வாங்க, உங்க நம்பர் போகாது" என்று எழுந்து வந்து சொல்ல அவருக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து வையுங்கள்.